அந்த வீடு எங்கே இருக்கிறது? ‘பாரசைட்’ படத்தின் செட்டும் நிஜத் தெருவும்

2019 கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுத் தலைவராக இருந்தவர் அலெஹாந்த்ரோ கோன்சாலஸ் இன்யாரித்து. சினிமாவில் ஊறின மனிதர். அவரே ‘பாரசைட்’ என்ற தென்கொரியப் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கச்சிதமான வீட்டை எங்கே பிடித்தீர்கள் என்று இயக்குநர் போங் ஜூன்-ஹோவிடம் கேட்டாராம். வீடே கிடையாது, செட் என்றதும் ஆச்சரியப்பட்டிருக்கிறார். பிறகு அந்தப் படம் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்தக் கதையைப் பலரும் செட்டின் வெற்றியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சரி. அதே படத்தில் சியோல் நகரத்தின் நிஜப் படிக்கட்டுகள் இருக்கின்றன, நிஜ மளிகைக்கடை இருக்கிறது, நிஜ பீட்சா கடை இருக்கிறது. எதைக் கட்டினார்கள், எதைத் தேடிப் போனார்கள் என்று பிரித்துப் பார்த்தால், செட்டா லொகேஷனா என்ற முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது கஷ்டம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. அரைநிலவறை வீட்டில் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்று, மேட்டுத்தெருவில் இருக்கும் பணக்கார வீட்டுக்குள் ஒவ்வொருவராக வேலைக்கு நுழைகிறது. கதை கிட்டத்தட்ட முழுவதும் இந்த இரண்டு வீடுகளில்தான். ஆக, வீடு சரியாக அமையாவிட்டால் படமே இல்லை.

வீடு முதலில் தாளில் வந்தது

வழக்கமாகக் கதை முடிந்த பிறகுதான் லொகேஷன் பார்க்கக் கிளம்புவோம். கிடைத்த வீட்டுக்கு ஏற்பக் காட்சியைக் கொஞ்சம் வளைப்போம். கதவு இடப்பக்கம் இருந்தால் நடிகர் இடப்பக்கமாக வருவார், அவ்வளவுதான். இந்தப் படத்தில் அந்தச் சலுகைக்கு இடமே இல்லை. யார் எங்கே நின்றால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதுதான் திரைக்கதை. ஒருவர் பேசுவதை இன்னொருவர் படியில் நின்று கேட்க வேண்டும். சமையலறையிலிருந்து கீழே போகும் வழி இருட்டாக, கண்ணில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். எழுதும்போதே போங் இந்த வீட்டின் அமைப்பை மனதில் வைத்திருந்தார். கலை இயக்குநர் லீ ஹா-ஜுன் கையில் வந்தது நடிகர்களின் நடமாட்டத்தையும் கேமரா கோணத்தையும் வைத்துப் போட்ட ஒரு எளிய தரைப்படம்.

லீ அதை ஒரு கட்டடக் கலைஞரிடம் காட்டினார். முட்டாள்கூட இப்படி வீடு கட்டமாட்டான் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். படத்தில் அந்த வீட்டைக் கட்டியவர் பெரிய கட்டடக் கலைஞர் என்று வருகிறது என்பதால், இந்தப் பதிலைக் கேட்டு லீக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். என்னைக் கேட்டால் செட் போடுவது என்று முடிவானது அந்தப் பதிலில்தான். வாழ்வதற்கு வசதியான வீடும் ஒளிந்து பார்ப்பதற்கு வசதியான வீடும் வேறு வேறு. முதல் வகை ஊர் முழுக்க இருக்கிறது. இரண்டாவதை யாரும் கட்டுவதில்லை.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மழை இரவு. வெளியூர் போன முதலாளி குடும்பம் திடீரென்று திரும்பிவிடுகிறது. சின்னப் பையன் அடம்பிடித்துத் தோட்டத்தில் கூடாரம் போட்டுப் படுக்கிறான். அவனைக் கவனித்துக்கொள்ள அப்பாவும் அம்மாவும் கூடத்து சோபாவிலேயே படுத்துக்கொள்கிறார்கள். சோபாவுக்கு முன்னால் உள்ள தாழ்வான மேஜைக்கு அடியில் மூன்று பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்கள்.

இந்த ஒரு காட்சிக்கு வீடு என்னென்ன தர வேண்டும்? சோபா தோட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நிஜ வீட்டில் சோபா டிவியைத்தான் பார்க்கும். அதனால் இந்தக் கூடத்தில் டிவியே இல்லை. அதன் இடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் அகல உயர விகிதம் 2.35:1, அதாவது அகலத்திரையின் விகிதம். கூடாரம் கண்ணாடி வழியே தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும். மேஜை மூன்று பேரை மறைக்க வேண்டும், ஆனால் கேமராவுக்கு அவர்கள் முகம் தெரிய வேண்டும். மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். இத்தனையும் தற்செயலாகச் சேர்ந்திருக்கும் வீட்டைத் தேடிக்கொண்டே இருக்கலாம், ஆயுசு போதாது.

சுவர் தள்ளிப்போகாது

இங்கே நம்மூர் அனுபவம் ஒன்று. சென்னையில் ஒரு பழைய வீட்டில், 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு படப்பிடிப்பு. கலைப் பிரிவில் நான் உதவியாளன். ரெக்கி, அதாவது இடம் பார்க்கப் போனபோது எல்லோருக்கும் அறை ரொம்பப் பிடித்துவிட்டது. காரை பெயர்ந்த சுவர், செம்மண் நிறச் சிமெண்ட் தரை, மர ஜன்னல், எல்லாம் தானாகவே அமைந்திருந்தன. கேமரா வந்ததும்தான் வில்லங்கம் தெரிந்தது. பத்தடி அகலச் சுவரை முழுசாகக் காட்ட வேண்டும், 32 மி.மீ. லென்ஸ் போதும் என்றார் ஒளிப்பதிவாளர்.

கணக்கு சுலபம். அந்த வகைக் கேமராவின் சென்சார் அகலம் சுமார் 25 மி.மீ. காட்ட வேண்டிய அகலத்தை லென்ஸின் அளவால் பெருக்கி, சென்சார் அகலத்தால் வகுத்தால் தூரம் வந்துவிடும். 10 × 32 ÷ 25, அதாவது கிட்டத்தட்ட 13 அடி. அறையே 12 அடிதான். கேமராவுக்கும் அதன் பின்னால் நிற்கும் ஆளுக்கும் இன்னும் மூன்றடியாவது வேண்டும். ஆக, கேமரா பக்கத்து வீட்டில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் என்ன, இன்னும் அகலமான லென்ஸ் போட்டார்கள். ஓரத்தில் நின்றவர் முகம் இழுத்துவிட்டது போல ஆனது. அறை நிஜத்தைவிடப் பெரியதாகத் தெரிந்தது. நெருக்கடியைக் காட்டத்தான் அந்த அறையைப் பிடித்தோம், படத்தில் அது விசாலமாக இருந்தது.

செட்டில் இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு நாலு போல்ட்டுகள். எதிர்ச்சுவரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கேமராவை அறைக்கு வெளியே நிறுத்தலாம். அறை எட்டடி இருந்தாலும் அந்த எட்டடி நெருக்கம் அப்படியே திரையில் வரும். சின்ன இடங்களைத்தான் அதிகமும் செட்டாகப் போடுகிறார்கள். பிரம்மாண்டமான அரண்மனையைவிட ஒரு கழிப்பறைக்குத்தான் செட் அவசியம் என்று எங்கள் கலை இயக்குநர் சொல்வார். வேடிக்கைக்காகச் சொன்னதில்லை அது. ‘பாரசைட்’ குடும்பத்தின் கழிப்பறையை நினைத்துப் பாருங்கள். மேடை மாதிரி உயர்ந்து, தலை கூரையில் முட்டும் இடத்தில் இருக்கும் அந்தக் கழிப்பறைக்குள் ஒரு முழுக் கேமராக் குழுவை எங்கே நிறுத்துவது?

சூரியனுக்காகத் திறந்தவெளி

பணக்கார வீட்டை ஒரே இடத்தில் கட்டவில்லை. தரைத்தளமும் தோட்டமும் ஜியோன்ஜு நகரில் ஒரு திறந்தவெளியில். மாடியின் உட்புறமும் நிலவறையும் மூடிய அரங்குக்குள். வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் மாடி கணினியில் சேர்த்தது. திரையில் ஒருவர் படியேறி மாடிக்குப் போனால், நிஜத்தில் ஒரு கட்டடத்தை விட்டு இன்னொன்றுக்குள் நுழைகிறார் என்று அர்த்தம்.

மழை, காற்று, வெளிச்சத்தம் எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு தரைத்தளத்தைத் திறந்தவெளியில் கட்டியது ஏன்? வெயிலுக்காக. அவ்வளவு பெரிய கண்ணாடி வழியாக உள்ளே வரும் பகலை விளக்குகளால் போலி செய்தால் எங்காவது காட்டிக்கொடுத்துவிடும். ஒளிப்பதிவாளர் ஹாங் கியுங்-பியோ, காலி மனைகளைப் பார்க்கப் போனபோதே சூரியன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். எந்த நேரத்துக் காட்சிக்கு வெயில் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்து, அதன்படி ஜன்னல்களின் இடமும் அளவும் அமைந்தன. நிஜ வீட்டில் ஜன்னலுக்கு ஏற்பக் கால்ஷீட் போடுவோம். இங்கே காட்சிக்கு ஏற்ப ஜன்னல் போட்டிருக்கிறார்கள்.

இதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. படப்பிடிப்பு 2018 மே மாதம் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது. ஜியோன்ஜு இருக்கும் அட்சரேகையில், ஜூன் கடைசியில் உச்சிவெயில் தரையிலிருந்து சுமார் 78 டிகிரி உயரத்தில் இருக்கும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அது சுமார் 56 டிகிரிக்கு இறங்கிவிடும். தெற்குப் பார்த்த, 3 மீட்டர் உயரக் கண்ணாடி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூனில் மதிய வெயில் கண்ணாடியிலிருந்து முக்கால் மீட்டர்கூட உள்ளே வராது. செப்டம்பரில் அதே வெயில் 2 மீட்டர் வந்துவிடும். ஒரே காட்சியின் முதல் பாதியை ஜூனிலும் மீதியை செப்டம்பரிலும் எடுத்தால், நடிகரின் காலடியில் கிடந்த வெயில் தலைவரை ஏறியிருக்கும். லொகேஷனில் இது நடந்தால் தலையெழுத்து என்று விட்டுவிடுவோம். கையால் கட்டின வீட்டில் நடந்தால் பழி நம் தலையில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செட் என்றால் எல்லாம் அட்டை, தெர்மோகோல் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த வீட்டு சமையலறையில் இருந்த குப்பைத்தொட்டி மட்டும் சுமார் 2,300 டாலர் விலை என்று போங் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சுவர் போலியாக இருக்கலாம். நடிகர் கைபடும் பொருள் போலியாக இருந்தால் அவர் கையே அதைக் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தெரு

ஏழைக் குடும்பத்தின் அரைநிலவறை வீடு சியோலில் எங்கும் இருக்கிற ஒன்று. தெரு மட்டத்துக்குக் கீழே பாதி இறங்கிய வீடு, ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் கால் தெரியும். ஆயிரக்கணக்கில் இருப்பதைத் தேடிப் பிடிக்காமல் எதற்குக் கட்ட வேண்டும்?

வெள்ளத்துக்காக. கதையின் நடுவில் பெருமழை பெய்து, சாக்கடைத் தண்ணீர் அந்தத் தெருவையும் வீட்டையும் நிரப்புகிறது. மனிதர்கள் குடியிருக்கும் தெருவில் கழுத்தளவு தண்ணீர் விட முடியாது. அதற்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஷாட்டை நாலு முறை எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வர வேண்டும், மிதந்த பொருட்கள் பழைய இடத்துக்குப் போக வேண்டும், விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் தண்ணீரைத் தொடவே கூடாது. நடிகர்கள் அந்தத் தண்ணீருக்குள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதனால் கோயாங் நகரில், நீர்க்காட்சிகள் எடுப்பதற்கென்றே இருக்கும் ஒரு ஸ்டூடியோவின் தொட்டிக்குள், அந்த வீட்டை மட்டும் கட்டாமல் தெருவையே கட்டினார்கள். வேண்டியபோது நிரப்பலாம், வேண்டியபோது வடிக்கலாம். சாக்கடை நிறத்துக்கு, முகத்தில் பூசும் களிமண் பூச்சைத் தண்ணீரில் கலந்தார்களாம். பார்த்தால் குமட்டும், உடம்பில் பட்டால் ஒன்றும் செய்யாது.

இப்படிக் கட்டும்போது வரிசை முக்கியம். நனைந்த ப்ளைவுட் உப்பிவிடும், சாயம் உரியும், அதன் பிறகு ‘முந்தின நாள்’ காட்சியை அங்கே எடுக்க முடியாது. ஈரமில்லாத காட்சிகள் அத்தனையும் முடிந்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஒரு காட்சி விட்டுப்போய் வெள்ளத்துக்குப் பிறகு ஞாபகம் வந்தால், தெருவைத் திரும்பக் கட்டும் செலவு. இந்தப் பயத்தில்தான் நீர்க்காட்சி உள்ள படங்களில் கலைப் பிரிவு கால அட்டவணையைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரியும்.

இதுவரை சொன்னது பொறியியல். பழமைதான் இதைவிடக் கஷ்டம். செட் என்று எதில் தெரியும்? நான் முதலில் காதைத் தீட்டிக்கொள்வேன். சிமெண்ட் தரையில் நடந்தால் சத்தம் அடங்கிக் கேட்கும், பலகைத் தரை டொக் டொக் என்று உள்ளே பொள்ளலாக ஒலிக்கும். கதவை அறைந்து சாத்தினால் சுவர் லேசாக அதிரும். அப்புறம் கண். நிஜ வீட்டில் அழுக்குக்கு ஒரு காரணம் இருக்கும். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை, அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் படலம், நாற்காலி முதுகு உரசிய உயரத்தில் சுவரில் ஒரு கோடு. செட்டில் அவசரமாக அடித்த அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். யாரோ தெளித்தது என்று உடனே தெரிந்துவிடும்.

லீ குழு இதற்கு நேர்வழியில் போனது. இடிக்கப்படவிருந்த பழைய குடியிருப்புகளுக்குப் போய், கதவு, ஜன்னல் சட்டம், ஓடு, கம்பிவலை என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்தார்கள். பழைய செங்கல் சுவர்களின் மேல் சிலிக்கான் பூசி அச்செடுத்து, அந்த அச்சில் செட் சுவரை வார்த்தார்கள். பல வருட மழையில் அரித்த செங்கல் எப்படி அரித்திருக்கும் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் வரவில்லை. லொகேஷன் பார்க்கப் போகும் அதே வேலைதான் இதுவும். இடத்தைப் படமெடுக்காமல் அதன் தோலை உரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கட்ட முடியாத ஒன்று

சரி, வீட்டையும் தெருவையும் கட்டியவர்கள் படிக்கட்டை ஏன் கட்டவில்லை?

வெள்ள இரவில் அப்பா, மகன், மகள் மூவரும் பணக்கார வீட்டிலிருந்து தப்பித்து, கொட்டும் மழையில் இறங்கி இறங்கிப் போகிறார்கள். படி, சரிவு, சுரங்கப்பாதை, மறுபடி படி. அந்த இறக்கம்தான் படத்தின் முதுகெலும்பு. அது நீளமாக இருக்க வேண்டும், பார்ப்பவருக்கே கால் வலிக்க வேண்டும். ஒரு மலைச்சரிவு நகரத்தின் உயர வித்தியாசத்தை அரங்குக்குள் கொண்டுவர முடியாது. இருபது படி கட்டலாம். அதற்குக் கீழே இன்னும் ஒரு ஊர் இருக்கிறது என்ற உணர்வை எங்கே போய்க் கட்டுவது? சியோலில் அது இலவசமாகக் கிடக்கிறது. ஜாஹாமுன் சுரங்கப்பாதை அருகே உள்ள படிக்கட்டு அதில் ஒன்று. பணக்கார வீட்டுக்கு ஏறிப்போகும் மேட்டுத்தெரு, மதில்கள் உயர்ந்த சோங்புக்-டோங் பகுதியைச் சேர்ந்தது. ஏழைக் குடும்பத்து மகனும் அவன் நண்பனும் பேசிக்கொள்ளும் மளிகைக்கடை அஹ்யோன்-டோங்கில், பீட்சா கடை நோர்யாங்ஜின் பக்கம்.

இந்த இடங்களுக்கு ஒன்றோடு ஒன்று சம்பந்தமே இல்லை. நகரத்தின் வெவ்வேறு மூலைகள். ஆனாலும் திரையில் ஒரே இரவு, ஒரே இறக்கம். கடைசிப் படியில் இறங்கி அவர்கள் திரும்பும் தெரு சியோலிலேயே இல்லை, அது கோயாங் தொட்டிக்குள் இருக்கிறது. தையல் விழுவது இந்த இடத்தில். மழையும் இருட்டும் தையலை மறைக்க உதவும், ஆனால் போதாது. தெருவிளக்கின் நிறம், தரையில் தண்ணீர் மினுங்கும் விதம், தலைக்கு மேலே சிக்கலாகத் தொங்கும் மின்கம்பிகள் எல்லாம் இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். லொகேஷனில் விளக்கின் நிறம் நகராட்சியின் இஷ்டம். ஆகவே செட்தான் லொகேஷனைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிஜ இடத்தை முதலில் முடிவு செய்து, அதன் புகைப்படங்களை வைத்துக்கொண்டு செட்டுக்குச் சாயம் கலக்குவதுதான் புத்திசாலித்தனம். இதைத் தலைகீழாகச் செய்து, செட்டை முடித்துவிட்டு அதற்குப் பொருந்தும் தெருவைத் தேடி அலைந்த யூனிட்டில் நானும் இருந்திருக்கிறேன். தெரு கிடைக்கவில்லை. சுவருக்கு இரண்டாம் முறை வண்ணம் அடித்தோம்.

செலவை நான் இதுவரை பேசவில்லை, வேண்டுமென்றேதான். தயாரிப்பாளர் முதலில் கேட்பது அதுதான் என்றாலும், இந்தப் படத்தில் எந்த முடிவும் அதிலிருந்து தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை. வாடகை குறைவு என்று ஒரு பங்களாவைப் பிடித்திருந்தால், மேஜைக்கு அடியில் மூன்று பேரை ஒளித்துவைக்கும் காட்சியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. நம்மூரில் காரைக்குடிப் பக்கத்து வீடுகள் படத்துக்குப் படம் வருவதும் இந்தக் கணக்கில்தான். முற்றமும் தூணும் கட்டினால் கட்டுப்படியாகாது என்று அங்கே போகிறோம். நாலாவது படத்தில் பார்வையாளர் தூணைப் பார்த்ததுமே இது இன்ன படத்தில் வந்த வீடு என்று சொல்லிவிடுகிறார். கதையில் வரும் குடும்பம் வாடகைக்கு வந்த குடும்பமாகிவிடுகிறது.

படம் முடிந்த பிறகு

ஜியோன்ஜு வீட்டைப் படப்பிடிப்பு முடிந்ததும் இடித்துவிட்டார்கள். கோயாங் தெருவும் இல்லை. செட்டின் தலைவிதி அது. அடுத்த படத்துக்கு இடம் விட வேண்டும். 2020 பிப்ரவரியில் படம் ஆஸ்கர் வாங்கியதும் இரண்டு ஊர்களிலும் அவற்றைத் திரும்பக் கட்டிச் சுற்றுலாத் தலமாக்கலாமா என்று பேச்சு எழுந்தது. கதைக்காகக் கட்டியதை இடித்து, பார்வையாளருக்காக மறுபடி கட்டும் யோசனை.

நிஜ இடங்களுக்கு வேறு விதமான தொல்லை. படிக்கட்டும் மளிகைக்கடையும் எங்கேயும் போகவில்லை, ஆட்கள் கேமராவோடு வந்து இறங்கினார்கள். சியோல் நகர நிர்வாகம் இந்த இடங்களை இணைத்துச் சுற்றுலா வழி ஒன்றை முன்வைத்தது. எங்கள் வறுமையை வேடிக்கை பார்க்கவா வருகிறீர்கள் என்று அந்தப் பகுதிகளில் குடியிருப்பவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். லொகேஷன் ஒப்பந்தத்தில் வாடகை எழுதுகிறோம், ஜெனரேட்டர் எங்கே நிற்கும் என்று எழுதுகிறோம், உடைந்தால் யார் சரி செய்வது என்று எழுதுகிறோம். படம் ஓடிவிட்டால் வாசலில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பற்றி எழுதின ஒப்பந்தம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.